நான்காவது துண்டு மட்டும் வந்த குறுஞ்செய்தி

சில ஆண்டுகளுக்கு முன்பு நான் எழுதி அனுப்பிய ஒரு குறுஞ்செய்தி இன்னும் எனக்கு எழுத்துக்கு எழுத்து நினைவிருக்கிறது.

"மக்காச்சோளத்தில் அமெரிக்கப் படைப்புழுவின் தாக்குதல் காணப்படுவதால் விவசாயிகள் தங்கள் வயல்களைத் தொடர்ந்து கண்காணித்து, பொருளாதார சேத நிலையைத் தாண்டும்பட்சத்தில் பரிந்துரைக்கப்பட்ட பூச்சிக்கொல்லியை உரிய அளவில் தெளிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."

பூச்சியியல் படித்தவர்கள் பார்த்து ஒப்புதல் கொடுத்த வாக்கியம் இது. இதில் தவறான தகவல் ஒன்றுகூட இல்லை. ஆனால் அனுப்பிய இரண்டாம் நாள் ஒரு விவசாயி தன் போனை என்னிடம் நீட்டினார். அவருக்கு வந்திருந்தது இவ்வளவுதான்: "ளவில் தெளிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்." அவர் தெளித்துவிட்டிருந்தார். அவர் வயலில் புழு இருந்ததா என்று யாரும் பார்க்கவில்லை, அவர் உட்பட.

ஏன் இப்படி ஆனது என்று தேடிப் போனபோதுதான் குறுஞ்செய்தியின் கணக்கு எனக்குப் புரிந்தது. வேளாண் விரிவாக்கப் பணியில் விவசாயிகளுக்குச் செய்தி எழுதும் ஒவ்வொருவரும் முதல் நாளே தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கு இது. ஒரு குறுஞ்செய்திக்குள் 140 பைட் இடம் இருக்கிறது. ஆங்கில எழுத்துகளாக இருந்தால் அதில் 160 அடங்கும். தமிழ் போன்ற எழுத்துமுறைகளுக்கு ஒவ்வொரு குறியும் இரண்டு பைட் எடுப்பதால் 70 மட்டுமே அடங்கும். அதைத் தாண்டினால் செய்தி துண்டாகும். துண்டுகளைச் சேர்த்து ஒட்டுவதற்கான குறிப்பும் கொஞ்சம் இடம் பிடிப்பதால் துண்டுக்கு 67தான் மிஞ்சும்.

அந்த 70கூட 70 தமிழ் எழுத்து இல்லை. புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனியாக எண்ணப்படும். "படைப்புழு" என்பது நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து, போனுக்கு ஒன்பது. "மக்காச்சோளம்" நமக்கு ஏழு, போனுக்குப் பன்னிரண்டு. நான் எழுதிய அந்த வாக்கியத்தை உட்கார்ந்து எண்ணினேன்: 248. அதாவது நான்கு துண்டு. மூன்றாவது துண்டு "அளவில்" என்ற சொல்லின் "அ"வோடு முடிகிறது. நான்காவது "ளவில்" என்று தொடங்குகிறது. எல்லாத் துண்டும் வந்து சேர்ந்தால் போன் ஒட்டிக் காட்டும். ஒன்று வழியில் தொலைந்தால் சில போன்கள் எதையும் காட்டாது, சில போன்கள் வந்ததை மட்டும் காட்டும். அந்த விவசாயியின் பழைய போன் இரண்டாவது வகை.

தமிழ் வாக்கியத்தில் நிபந்தனை முன்னால் வரும், ஏவல் கடைசியில் வரும். அதனால் துண்டாகும்போது "எப்போது" என்பது ஒரு துண்டிலும் "தெளி" என்பது இன்னொரு துண்டிலும் போய் உட்கார்ந்துவிடுகின்றன. வானொலியிலும் இதே ஆபத்து உண்டு. "மருந்து தெளிக்க வேண்டாம்" என்ற வாக்கியத்தில் எதிர்மறை கடைசிச் சொல்லில்தான் இருக்கிறது. இரைச்சலில் அது விழுங்கப்பட்டால் "மருந்து தெளிக்க" மட்டும் காதில் நிற்கும். "இருந்தால்" என்பதற்கும் "இருந்தாலும்" என்பதற்கும் உள்ள இடைவெளி ஒரே ஒரு அசை, பொருளோ தலைகீழ். அன்றிலிருந்து வேண்டாம், கூடாது என்று முடியும் வாக்கியங்களை முடிந்தவரை மாற்றி எழுதுகிறேன். "இன்று எண்ணுவது மட்டும், மருந்து பெட்டியிலேயே இருக்கட்டும்" என்றால் பாதி வெட்டுப்பட்டாலும் யாரும் தெளிக்கப் போக மாட்டார்கள்.

சரி, அந்தச் செய்தியைத் திரும்ப எழுதிய கதைக்கு வருகிறேன். எழுதுவதற்கு முன் பழைய செய்தியைச் சில விவசாயிகளிடம் படித்துக் காட்டினேன். "புரிந்ததா?" என்று கேட்பதை அன்றோடு விட்டேன், ஏனென்றால் மரியாதைக்காகவாவது "புரிந்தது" என்றுதான் சொல்வார்கள். அதற்குப் பதிலாக "இதைக் கேட்டதும் நாளைக் காலையில் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன்.

"கண்காணித்து" என்ற சொல்லுக்கு ஒருவர், "அதுதான் தினமும் வயலுக்குப் போகிறோமே" என்றார். அவர் சொன்னது நியாயம். அந்தச் சொல்லில் குனிந்து பார், எண்ணு என்று எதுவும் இல்லை. "பொருளாதார சேத நிலை" என்றதும் இன்னொருவர், "நட்டம் வந்த பிறகு தெளித்து என்ன பயன்?" என்று கேட்டார். நாங்கள் சொல்ல நினைத்ததற்கு நேர் எதிரான பொருள் அவருக்குப் போயிருக்கிறது. மருந்துச் செலவைவிடச் சேதம் பெரிதாகப் போகிறது என்று காட்டும் எல்லைக்கோடுதான் அது. பயிருக்கு நட்டம் வருவதற்கு முந்தைய கட்டம்.

அப்புறம், வரைவில் "குருத்தில் புழுவின் எச்சம்" என்று எழுதியிருந்தேன். ஒரு வயதான அம்மா, "எச்சமா? காக்கா குருவி எல்லாச் செடியிலும்தான் போட்டு வைக்கிறது, தம்பி" என்றார். பூச்சியியலில் அது சரியான சொல், அவர் காதில் அது பறவையுடையது. வயலுக்கே கூட்டிப் போய் ஒரு குருத்தை விரித்துக் காட்டி, "இதை என்னவென்று சொல்வீர்கள்?" என்று கேட்டேன். தொட்டுப் பார்த்து, "ஈர மரத்தூள் மாதிரி இருக்கிறது" என்றார். அந்தச் சொல் அப்படியே செய்திக்குள் போனது.

எந்த அடையாளத்தைச் சொல்வது என்பதுதான் இந்த வேலையில் மிகக் கடினமான முடிவு என்று நினைக்கிறேன். படைப்புழுவுக்குப் பாடத்தில் உள்ள அடையாளம் தலையில் தலைகீழான ஒய் போன்ற வெள்ளைக் கோடும், வால்பக்கத்தில் சதுரமாக நான்கு கரும்புள்ளிகளும். படங்களில் அழகாகத் தெரியும். ஆனால் அவை வெறும் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும்போது புழு பெரிதாகிவிட்டிருக்கும். பெரிய புழு குருத்துக்குள் ஆழமாக இறங்கி, தன் கழிவாலேயே மேலே அடைப்புப் போட்டுக்கொள்ளும். தெளிக்கும் மருந்து அதைத் தொடாது. மருந்து நன்றாக வேலை செய்வது புழு இளசாக இருக்கும் நாட்களில்தான். ஆகவே சரியான அடையாளம் தாமதமான அடையாளமாகிவிடுகிறது. செய்திக்கு வேண்டியது இளம்புழு விட்டுச் செல்லும் தடயம்: இலையின் பச்சையைச் சுரண்டியதால் வரும் காகிதம் போன்ற வெள்ளைத் திட்டு, குருத்துக்குள் ஈரமான தூள்.

அதிலும் ஒரு சிக்கல். மக்காச்சோள இலை வளர வளர, பழைய கடியும் இலையோடு விரிந்து வரிசையான ஓட்டைகளாக வெளியே தெரியும். புழு போய்ப் பல நாள் ஆன பிறகும் அந்த ஓட்டை அங்கேயே இருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் வயலே பாழானது போலத் தோன்றும். ஓட்டையைப் பார்த்துத் தெளிப்பவர்கள் பெரும்பாலும் இல்லாத புழுவுக்குத் தெளிக்கிறார்கள். அதனால் "இலையில் ஓட்டை" என்ற அடையாளத்தைச் செய்தியிலிருந்து முழுக்க எடுத்தேன். "ஈர" என்ற இரண்டு எழுத்தில்தான் "புதிது" என்ற பொருள் இருக்கிறது. காய்ந்த தூள் பழசு.

அடுத்தது எண். சிறு விவசாயிகளுக்கான வழிகாட்டிகளில் இளங்குருத்துப் பருவத்தில் நூற்றுக்கு 20 செடி, பிந்திய குருத்துப் பருவத்தில் 40 செடி என்ற அளவு பரவலாக இருக்கிறது. நாட்டுக்கு நாடு, வகைக்கு வகை இது மாறும் என்பதால் உங்கள் பூச்சியியலாளரிடம் கேட்டே போட வேண்டும். சதவீதத்தை அப்படியே அனுப்பாமல் எண்ணிக்கையாக்கிக் கொடுங்கள். 50 செடி பார், 10 எண்ணினால் எல்லை. வயலில் நிற்பவருக்குக் கணக்குப் போடும் வேலையை விட்டுவைக்கக் கூடாது.

இதையெல்லாம் ஒரே செய்தியில் திணிக்க முடியாது என்று ஒத்துக்கொண்ட பிறகு வேலை சுலபமானது. குறுஞ்செய்திக்கு ஒரே வேலை: ஆளைக் குருத்தருகே குனிய வைப்பது. மருந்தின் பெயரும் அளவும் அதில் வராது. முதல் செய்தி இப்படி அமைந்தது:

"மக்காச்சோளம் 15-30 நாளா? வெள்ளிக்குள் 50 செடியின் குருத்தைப் பாருங்கள்"

எண்ணிப் பார்த்தால் சரியாக 70. முற்றுப்புள்ளி வைத்தால் 71 ஆகி இரண்டு துண்டாகிவிடும் என்பதால் அதை விட்டுவிட்டேன். பயிரும் வயதும் முதலில் வருகின்றன. தனக்கு இல்லை என்றால் அங்கேயே நிறுத்திவிடலாம். மறுநாள் அனுப்பிய இரண்டாவது செய்தி:

"10 செடிக்கு மேல் குருத்தில் ஈர மரத்தூள் இருந்தால் அழையுங்கள்"

இது 60. பின்னால் ஒரு குறுகிய அழைப்பு எண்ணுக்கு இடம் கிடைத்தது. இரண்டில் எது தொலைந்தாலும், எது முன்பின்னாக வந்தாலும், யாரும் மருந்துப் பெட்டியைத் திறக்க மாட்டார்கள். அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

"வெள்ளிக்குள்" என்று கிழமையைப் போட்டதற்குக் காரணம் உண்டு. அணைந்து கிடக்கும் போனுக்கு அனுப்பிய செய்தி நிறுவனத்தின் சேவையகத்தில் காத்திருந்து, போன் உயிர் பெற்றதும் வந்து விழும். "நாளை", "அடுத்த மூன்று நாளில்" என்று எழுதினால், வாங்குபவரின் நாளைதான் அது. கிழமைக்கும் காலாவதி வேண்டும், இல்லையென்றால் போன வாரத்து வெள்ளி இந்த வாரத்து வெள்ளியாகிவிடும். மொத்தமாக அனுப்பும் மென்பொருளில் `validity_period` என்று ஒரு புலம் இருக்கும். பெரும்பாலும் யாரும் அதைத் தொடுவதில்லை. வெள்ளி இரவோடு செய்தி செத்துப்போகும்படி அதில் குறித்துவிட்டால், சனிக்கிழமை போனை எடுத்தவருக்குப் பழைய அறிவுரை போகாது.

அழைத்தவர்களுக்குப் பதிவுசெய்த குரல்செய்தி. அளவு சொல்லும் வேலை இதற்கு. எங்கள் பரிந்துரையில் இருந்தது எமாமெக்டின் பென்சோயேட் 5 சதவீதக் குருணை, லிட்டருக்கு 0.4 கிராம். உங்கள் இடத்தில் எந்த மருந்துக்கு அனுமதி, என்ன அளவு என்பதை அந்த மருந்தின் லேபிளில் பார்த்துக்கொள்ளுங்கள். நான் சொல்ல வருவது அந்தப் புள்ளியைப் பற்றி. "புள்ளி நான்கு கிராம்" என்று போனில் சொன்னால் புள்ளி காதில் தங்குவதில்லை. லிட்டருக்கு நான்கு கிராம் என்று கேட்டுக்கொண்டால் பத்து மடங்கு. ஆகவே லிட்டர் கணக்கையே விட்டுவிட்டு, கையில் இருக்கும் டேங்குக்கு மாறினோம். பத்து லிட்டருக்கு நான்கு கிராம், முழு எண். ஆனால் பலரிடம் இருந்தது பதினாறு லிட்டர் டேங்க். அதற்கு 6.4 கிராம், மறுபடி புள்ளி. யோசித்துவிட்டு, எந்த டேங்காக இருந்தாலும் பத்து லிட்டர்தான் ஊற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டோம். நிரப்ப அடிக்கடி நடக்க வேண்டியிருக்கும், ஆனால் நினைவில் வைக்க ஒரே ஓர் எண்.

பதிவு இப்படி இருந்தது:

"வணக்கம். ஐம்பது செடி பார்த்து, பத்துக்கு மேல் ஈர மரத்தூள் எண்ணியவர்களுக்கு இந்தச் செய்தி. உங்கள் டேங்க் எதுவானாலும் அதில் பத்து லிட்டர் தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள். அதற்கு மருந்து நான்கு கிராம். மறுபடி சொல்கிறேன். பத்து லிட்டர் தண்ணீர், நான்கு கிராம் மருந்து. வெயில் தாழ்ந்த பிறகு, முனையைக் குருத்துக்குள் பார்த்துப் பிடித்துத் தெளியுங்கள். முகத்தையும் கையையும் மூடிக்கொள்ளுங்கள். மறுபடி கேட்க ஒன்றை அழுத்துங்கள்."

அமைதியாகச் சொன்னால் முக்கால் நிமிடத்துக்குள் முடிந்துவிடும். முதல் பதிவில் நிறுவனத்தின் முழுப் பெயரும், திட்டத்தின் பெயரும், வாழ்த்தும் சேர்ந்து பதினைந்து நொடி போனது. எந்த நொடியில் துண்டிக்கிறார்கள் என்ற பட்டியலை எடுத்துப் பார்த்தோம். பெரும்பகுதி அந்தப் பதினைந்து நொடிக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். வணக்கத்தைத் தவிர எல்லாவற்றையும் வெட்டினோம். நான்கு கிராமை எப்படி அளப்பது என்ற கேள்விக்குக் குரல்செய்தியில் விடை இல்லை. கரண்டி என்று சொல்லக் கூடாது, வீட்டுக்கு வீடு கரண்டி மாறும். மருந்து தொட்ட கரண்டி சமையலுக்குத் திரும்பிப் போகவும் கூடும். களக்கூட்டங்களில் கோடு போட்ட அளவுக் குப்பியைக் கையில் கொடுத்துத்தான் அந்தக் குறை தீர்ந்தது. சில விஷயம் போனால் ஆகாது.

வானொலிக்கு வேறு வேலை. போனில் வந்த செய்தியைப் பார்த்துவிட்டு "எதற்கு ஐம்பது? வரப்போரம் நான்கு செடி பார்த்தால் போதாதா?" என்று கேட்பவருக்குக் காரணம் சொல்ல நேரம் கிடைக்கும் இடம் அது. குறிப்பேட்டில் டபிள்யூ வடிவில் நடக்க வேண்டும் என்று இருக்கும். எழுத்தறியாத ஒருவருக்கு வானொலியில் டபிள்யூ என்றால் என்ன? நாங்கள் ஒரு விவசாயி தன் வயலில் நடந்துகொண்டே பேசியதைப் பதிவு செய்தோம். வயலுக்குள் ஐந்து இடத்தில் நிற்கிறார். ஒவ்வோர் இடத்திலும் அடுத்தடுத்துப் பத்துச் செடி. இலை உரசும் சத்தம் கேட்கிறது. "ஒன்று, இல்லை. இரண்டு, இல்லை. மூன்று, இருக்கிறது, விரலில் ஒட்டுகிறது பாருங்கள்" என்று எண்ணிக்கொண்டே போகிறார். ஒரு விரல் மடக்குகிறார். வரப்போரத்தில் ஐந்து கண்டவர், உள்ளே போனதும் வரிசையாக "இல்லை" சொல்கிறார். கடைசியில் மொத்தம் ஏழு. "அப்போ இன்றைக்கு எனக்கு மருந்து வேலை இல்லை, நான்கு நாள் கழித்துத் திரும்ப எண்ணுவேன்" என்று முடிக்கிறார். தெளிக்காமல் திரும்பும் ஆளை வேண்டுமென்றேதான் தேர்ந்தெடுத்தேன். எங்கள் நிகழ்ச்சிகளில் எப்போதும் யாராவது தெளித்துக்கொண்டே இருந்தார்கள். கேட்பவர் மனதில் நல்ல விவசாயி என்றால் தெளிப்பவர் என்று பதிந்துபோயிருந்தது.

விஞ்ஞானியைப் பேச வைத்தால் மதிப்பு கூடும் என்று அலுவலகத்தில் வாதம் வந்தது. குஜராத்தில் குரல்வழிச் சேவை ஒன்றில் செய்த ஆய்வு எனக்கு அப்போது உதவியது. நேர்காணலில் விவசாயிகள் விஞ்ஞானியின் குரலையே விரும்புவதாகச் சொன்னார்கள். ஆனால் சக விவசாயி குரலில் குறிப்பு வந்தபோதுதான் அதிகம் பேர் திரும்ப அழைத்து மேலும் விவரம் கேட்டார்கள். விருப்பத்தைக் கேட்டால் ஒரு விடை, நடத்தையைப் பார்த்தால் வேறு விடை. எங்கள் நிகழ்ச்சியில் பூச்சியியலாளரும் இருந்தார், ஆனால் விவசாயி எண்ணி முடித்த பிறகு, ஏன் ஓரத்தில் அதிகம், உள்ளே குறைவு என்ற கேள்விக்கு மட்டும்.

வானொலியில் எண்களைப் பற்றி ஒரு சிறு எச்சரிக்கை. அறுபதும் எழுபதும், பதினேழும் பதினெட்டும் இரைச்சலில் ஒன்றாகவே கேட்கும். அப்படிப்பட்ட எண்ணை வேறு உருவத்திலும் ஒருமுறை சொல்லிவிடுங்கள்: "அறுபது நாள், இரண்டு மாதம்."

போய்ச் சேர்ந்ததா என்பதை அறிய நான் இப்போது அனுப்பிய எண்ணிக்கையைப் பார்ப்பதில்லை. வெள்ளி கழிந்ததும் பட்டியலிலிருந்து பத்துப் பேரை அழைத்து ஒரே கேள்வி கேட்பேன்: "எத்தனை செடியில் ஈர மரத்தூள் இருந்தது?" பதிலில் எண் வந்தால் குனிந்து பார்த்திருக்கிறார். "கொஞ்சம் இருந்தது", "பரவாயில்லை" என்று வந்தால் பார்க்கவில்லை. முதல் வாரம் பத்தில் மூன்று பேர் எண் சொன்னார்கள். மற்றவர்களிடம் விடாமல் விசாரித்ததில் காரணம் தெரிந்தது. "15-30 நாள்" என்பதை எங்கிருந்து எண்ணுவது என்று அவர்களுக்குக் குழப்பம். விதைத்த நாளா, முளைத்த நாளா? மறுவிதைப்புச் செய்தவர்களுக்கு இரண்டு தேதி வேறு. ஒருவர் பயிரின் வயதையே மறந்திருந்தார், ஆனால் எவ்வளவு உயரம் என்று கேட்டதும் உடனே கையால் காலைத் தொட்டுக் காட்டினார்.

அடுத்த பருவத்துக்கு எழுதியது இது:

"முழங்கால் உயர மக்காச்சோளமா? வெள்ளிக்குள் 50 குருத்தைப் பாருங்கள்."

முற்றுப்புள்ளியோடு சேர்த்து 65. இன்னும் ஐந்து இடம் மீதி இருந்தது. எதையாவது சேர்க்கலாமா என்று அலுவலகத்தில் கேட்டார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.